கடைசி இலை எத்தனை மணிக்கு?

காத் மென்று தூக்கம் கெட்டுப்போனவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது, கடைசி இலையை எத்தனை மணிக்கு வாயில் போட்டீர்கள் என்றுதான். எவ்வளவு மென்றீர்கள், எத்தனை வருடப் பழக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கிழக்கு எத்தியோப்பியாவில் ஹரார் பக்கம் பொது மருத்துவராக வேலை பார்த்த காலத்தில், தூக்க மாத்திரை கேட்டு வந்தவர்களில் பலருக்கு இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வைத்தியம் தெரிந்துவிடும்.

அதற்கு வரும் பதிலைப் புரிந்துகொள்ள அந்த ஊர்க் கடிகாரம் தெரிய வேண்டும். எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1. நம் பிற்பகல் 2 மணி அவர்களுக்கு 8. சூரியன் மறைந்ததும் கணக்கு மறுபடி தொடங்கும். ஆக, "மூன்று மணியோடு நிறுத்திவிடுவேன் டாக்டர்" என்று ஒருவர் சொன்னால் அது நம் இரவு 9 மணி. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த மருத்துவர்கள் அதை மாலை 3 என்று சீட்டில் எழுதி, இவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறவருக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று குழம்புவார்கள். எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன மூத்த செவிலியர் முதல் வாரத்திலேயே, "மணியைக் கேட்காதீர்கள் டாக்டர், மஃரிப் தொழுகைக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள்" என்றார். அதன்பின் நான் தொழுகை நேரங்களை வைத்தே எழுதிக்கொண்டேன்.

அப்படி எழுதிய சீட்டுகளில் ஒன்றை இங்கே விரித்துச் சொல்கிறேன். அவர் அவடாய் சந்தையில் காத் தரகர். ஹராருக்கும் ஹரமாயாவுக்கும் இடையில் இருக்கிறது அவடாய். நாட்டின் பெரிய காத் சந்தை அது. நாற்பதை நெருங்கும் வயது. தூக்கம் இல்லை, பசி இல்லை, சட்டைக் கழுத்து தொளதொளவென்று ஆகிவிட்டது என்றார். கேட்டது இரண்டு: தூங்க மாத்திரை, பசிக்கு டானிக். எடை 52 கிலோ. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 108. ரத்த அழுத்தம் 150/96. வெளிச்சமான ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தும் கண்மணிகள் விரிந்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கு வறண்டு, பற்களில் பச்சையும் பழுப்புமாகக் கறை. இடது கன்னத்தின் உட்பக்கம், பற்கள் சேரும் கோட்டை ஒட்டி, தோல் தடித்து வெளுத்திருந்தது. காலை பத்து மணிக்கே ஒரு கைப்பிடி மென்றுவிட்டு வந்திருக்கிறார் என்று அந்த வாயே சொல்லிவிட்டது.

இந்த நிலையில் அவசரப்பட்டு எல்லாப் பழியையும் இலை மேல் போட்டுவிடக் கூடாது. எடை குறைந்து வருகிறவருக்குக் காசநோய் இருக்கலாம், சர்க்கரை நோய் இருக்கலாம், எச்.ஐ.வி. இருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் நாடி ஓடும், உடல் மெலியும், தூக்கம் போகும். ஆனால் தைராய்டுக்காரருக்குப் பெரும்பாலும் பசி கூடும், சாப்பிட்டும் மெலிவார். காத் மெல்பவருக்குப் பசியே எழாது. இன்னொரு சோதனை இதைவிட எளிது: மறுநாள் காலை, வாயில் இலை படுவதற்கு முன், வெறும் வயிற்றில் வந்து நாடியைக் காட்டச் சொல்வது. தரகர் வந்தார். நாடி 78. தைராய்டு ஒரு ராத்திரியில் இப்படி அடங்காது. சளி, சர்க்கரை, எச்.ஐ.வி. சோதனைகளிலும் கோளாறு இல்லை. அதற்குப் பிறகுதான் இலைக்கு வந்தேன்.

இலையைப் பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேத்தா எடுலிஸ் என்ற அந்தச் செடிக்குத் தாவரப் பெயர் வைத்தவர் ஏமனில் 1763-இல் இறந்துபோன பீட்டர் ஃபோர்ஸ்கோல். அவர் எழுதியது 1775-இல் அச்சானது. தரகருக்கு வேண்டியது அதெல்லாம் இல்லை. நுனித் தளிர் வேண்டும். செம்பழுப்பு நிறத்தில், மினுமினுப்பாக, வளைத்தால் படக்கென்று ஒடிகிற தளிருக்குத்தான் விலை. வாடிய கட்டுக்கு மாலைக்குள் விலை விழுந்துவிடும். இரவெல்லாம் அறுத்துக் கட்டி, ஈரம் தெளித்து, இலையிலோ பிளாஸ்டிக்கிலோ பொதிந்து, டிரே தாவா பக்கமும் ஜிஜிகா பக்கமும் லாரிகள் பறக்கும். ஜிபூட்டியிலும் சோமாலிலாந்திலும் அந்த இலை அன்றைக்கே விற்றாக வேண்டும்.

அந்த அவசரத்துக்கு வேதியியல் காரணம் உண்டு. இலையின் உயிர் கேத்தினோன் என்ற பொருள். ஆம்பெட்டமினின் அமைப்பேதான்; நடுவில் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக இரட்டைப் பிணைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தளிரில் கேத்தினோன் அதிகம். இலை முற்ற முற்ற, செடியே அதைக் கேத்தைன் என்ற வேறொரு பொருளாக மாற்றிக்கொள்கிறது. கேத்தைனுக்கும் ஊக்கும் குணம் உண்டு, ஆனால் கேத்தினோனைவிட மிகவும் குறைவு. பறித்த பின் இலை வாடும்போதும் கேத்தினோன் சிதைகிறது. பழைய காலத்து ஆய்வாளர்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்த காய்ந்த இலையைப் பிழிந்து பார்த்ததால் கேத்தைன்தான் கிடைத்தது. இவ்வளவு கொஞ்சமாக வேலை செய்யும் பொருளுக்காகவா ஒரு நாடே மாலை முழுக்க மெல்கிறது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. 1975-இல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆய்வகம் புத்தம்புது இலையிலிருந்து கேத்தினோனைப் பிரித்தெடுத்த பிறகுதான் அதற்கு விடை வந்தது. தளிரா, புதிதா என்று சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் கேத்தினோன் மிச்சமிருக்கிறதா என்றுதான் அதுவரையும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தரகரிடம் அவர் ஒரு நாளைக்கு மெல்லும் கட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஆய்வகத் தராசில் வைத்தோம். காம்போடு 380 கிராம். உட்கார்ந்து அவரே தின்னும் இலையைக் கிள்ளிப் பிரித்தார். தளிரும் இளங்குச்சியின் நுனியும் சேர்ந்து 140 கிராம். மற்றதெல்லாம் தரையில் விழும் குப்பை. பல ஊர் இலைகளைச் சோதித்து எடுத்த சராசரிப்படி, 100 கிராம் புது இலையில் கேத்தினோன் 36 மில்லிகிராமும் கேத்தைன் 120 மில்லிகிராமும் இருக்கும். இவர் கணக்குக்குச் சுமார் 50 மில்லிகிராம் கேத்தினோன், 170 மில்லிகிராம் கேத்தைன். இது தோராயம்தான். ஊருக்கு ஊர், கட்டுக்குக் கட்டு பல மடங்கு மாறும். அதனால் "எத்தனை கட்டு" என்ற கேள்வியை நம்பி நான் மருந்து எழுதுவதில்லை.

இனி அந்த 50 மில்லிகிராம் உடம்புக்குள் போகும் வழி. ஒருவர் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி மெல்கிறார். சாற்றை விழுங்குகிறார். சக்கையைத் துப்பாமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே அடுத்த இலையைப் போடுகிறார். பல் போன முதியவர்கள் சிறு உரலில் இலையை இடித்துச் சர்க்கரை சேர்த்து வாயில் அடக்கிக்கொள்வார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் வெற்றிலை இடிப்பது போலவே இருக்கும். மெல்லும்போது இலையின் செல்கள் உடைந்து, பொருள் எச்சிலில் கரைகிறது. கன்னத்தின் உட்தோல் மெல்லியது, ரத்தக் குழாய்கள் நிறைந்தது. அங்கே உறிஞ்சப்படுவது கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஜெர்மனியில் செய்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு பேருக்கு எடை பார்த்த இலையைக் கொடுத்து ஒரு மணி நேரம் மெல்லவிட்டு, துப்பிய சக்கையையும் ரத்தத்தையும் அளந்தார்கள். சக்கையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பொருள் மிஞ்சியது. கேத்தினோனில் பாதிக்கு மேல் வாயிலேயே உள்ளே போயிருந்தது. நான்கே பேரிடம் செய்த ஆய்வு என்றாலும், வாய் எவ்வளவு சுத்தமாகப் பிழிந்தெடுக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

அந்த ஆய்வில் என் வேலைக்கு மிகவும் உதவியது வேறொரு எண். மெல்லத் தொடங்கியதிலிருந்து ரத்தத்தில் கேத்தினோன் உச்சத்துக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மென்றதோ ஒரு மணி நேரம்தான். அதாவது துப்பிவிட்டு வாய் கொப்பளித்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டேதான் இருந்தது. விழுங்கிய சாறு குடலிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. நான் பார்த்த நோயாளிகளில் யாருமே இதைக் கணக்கில் எடுத்ததில்லை. நிறுத்திய நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கும் என்றுதான் நினைத்தார்கள்.

பெர்ச்சா என்று அவர்கள் சொல்லும் மெல்லும் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. மதியச் சாப்பாடு ஆனதும் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தால் நான்கைந்து மணி நேரம் ஓடும். முதல் அரைமணியில் ஒன்றும் தெரியாது. பிறகு பேச்சு பெருகும், திட்டங்கள் பெருகும். அந்த நிலைக்கு மிர்கானா என்று பெயர். இலையில் பொருள் கொஞ்சம், வாயில் ஒரே நேரத்தில் அடங்குவதும் கொஞ்சம். அதனால் மாத்திரை விழுங்கியதும் ஏறுவது போல இது சட்டென்று ஏற முடியாது. ஆனால் கன்னத்தில் ஒதுக்கிய சக்கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்க, மேலே புது இலையும் சேர, அளவு மெதுவாக ஏறி ஒரே மட்டத்தில் பல மணி நேரம் நிற்கும். நீண்ட பெர்ச்சாவின் தன்மை இதுதான். பின்னால் வரும் தூக்கக் கேட்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூளையில் நடப்பதைத் தரகருக்குத் தாளில் படம் போட்டுக் காட்டினேன். நரம்பு நுனி டோபமினையும் நார்அட்ரினலினையும் வெளியே விட்டு, வேலை முடிந்ததும் ஒரு பம்ப் வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கேத்தினோன் அந்தப் பம்ப் வழியாகவே உள்ளே நுழைந்து, அதைத் திருப்பி ஓடவைக்கிறது. உள்ளே சேமித்திருந்தது வெளியே கொட்டுகிறது. 1980-களில் ஜெனீவாவில் பீட்டர் காலிக்ஸ் என்பவர் இதை விலங்குகளின் மூளைத் திசுவில் படிப்படியாகச் செய்து காட்டினார். ஆம்பெட்டமின் செய்வதும் இதையேதான். கேத்தினோனின் வலு ஏறக்குறைய அதில் பாதி. டோபமின் பேச்சையும் உற்சாகத்தையும் தருகிறது. நார்அட்ரினலின் நாடியை ஓட்டுகிறது, கண்மணியை விரிக்கிறது, எச்சிலை வற்றவைக்கிறது.

தூங்குவதற்கு இந்த நார்அட்ரினலின் நரம்புகள் அடங்கியாக வேண்டும். விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் சேர்ந்துவரும் அடினோசின் தூக்கத்தை அழைக்கிறது. காத் அந்த அடினோசினைக் குறைப்பதில்லை. அசதி சேர்ந்துகொண்டேதான் வருகிறது. அதற்கு மேலே விழிப்பைத் தூக்கிப்பிடிக்கிறது. அதனால்தான் காத் மென்றவர் படுக்கையில், "உடம்பு செத்துப்போச்சு, கண் மட்டும் மூட மாட்டேங்குது" என்கிறார். இதில் காபி சேர்ந்தால் இரண்டு பக்கமும் அடைபடும். காபி அடினோசினின் இடத்தையே மறித்துவிடுகிறது. எத்தியோப்பியாவில் காபி ஒரு தடவை குடித்து முடிவதில்லை. அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்று. எனவே நான் இலைக் கணக்கை எழுதும் சீட்டிலேயே காபிக் கணக்கையும் எழுதுவேன்.

தரகரின் ஒரு நாள் இப்படி இருந்தது. காலை ஏழுக்கு எழுந்ததும் உடம்பு முறுக்கும், தலை கனக்கும். அதற்கு ஹரரா என்று பேர். அதைப் போக்க வெறும் வயிற்றில் ஒரு சிறு கைப்பிடி, காபி. காலை உணவு கிடையாது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு, அதுதான் அன்றைய ஒரே முழுச் சாப்பாடு. இரண்டிலிருந்து மாலை ஏழு வரை பெர்ச்சா, நடுவில் மூன்று சுற்றுக் காபி. இரவில் சந்தை சூடு பிடிக்கும். கணக்கு எழுத உட்காரும்போது ஒன்பது மணிக்கு இன்னொரு கைப்பிடி. நள்ளிரவில் படுப்பார். தூக்கம் வரும்போது மூன்று, மூன்றரை ஆகிவிடும். சில இரவுகளில் மிர்கானாவை உடைக்க அரக்கே என்ற நாட்டுச் சாராயம். இதைச் செப்சி என்பார்கள். சாராயம் தூங்கவைக்கும், ஆனால் அது உடம்பிலிருந்து இறங்கியதும் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடும்.

ஒன்பது மணிக் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சம் பத்தரை வாக்கில் வரும். கேத்தினோன் பாதியாகக் குறைய ஓர் ஆய்வில் ஒன்றரை மணி நேரம் ஆனது, மற்றொன்றில் நான்கு மணி நேரத்துக்கு மேல். எப்படி வைத்தாலும் அவர் படுக்கும் நள்ளிரவில் பாதியோ அதற்கு மேலோ ரத்தத்தில் இருக்கிறது. கேத்தைன் பாதியாகச் சுமார் ஐந்து மணி நேரம் வேண்டும். மதியம் இரண்டிலிருந்து சேர்ந்து வந்த கேத்தைன், கேத்தினோன் வடிந்த பிறகும் விடியற்காலை வரை நின்றிருக்கும். பத்தரையிலிருந்து ஐந்து மணி நேரம் எண்ணினால் மூன்றரை. அவர் தூங்கிப்போவதாகச் சொன்ன நேரமும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு மனிதரின் நாளை வைத்துச் சூத்திரம் எழுதிவிட முடியாது, ஆனாலும் இந்தக் கணக்கைத் தாளில் கோடு போட்டுக் காட்டியபோது தரகர் உடனே பிடித்துக்கொண்டார். அவருடைய தொழிலே நேரக் கணக்குத்தானே. "அப்படியென்றால் அஸர் தொழுகையோடு நிறுத்தினால்?" என்று அவராகவே கேட்டார். மாலை ஐந்துக்குள் நிறுத்தினால் உச்சம் ஆறரைக்கு வந்து, பதினொன்றரைக்குக் கேத்தைன் பாதியாகிவிடும் என்றேன்.

பசிக்கு வருகிறேன். இதில் பலரும், படித்தவர்கள்கூட, இலையே வயிற்றை நிரப்பிவிடுகிறது என்று நம்புகிறார்கள். சக்கையைத் துப்பிவிடுகிறவருக்கு வயிறு நிரம்ப வழியில்லை. வேலை நடப்பது மூளையில், பசியை எழுப்பும் ஹைபோதலமஸில். அங்கே நார்அட்ரினலினும் டோபமினும் கூடினால் பசி அடங்கும். காத் மெல்லவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் பசி குறைந்தது, வயிறு நிறைந்த உணர்வு கூடியது. ஆனால் பசியைத் தூண்டும் கிரெலின், நிறைவைச் சொல்லும் பி.ஒய்.ஒய். என்ற இரண்டு ஹார்மோன்களும் மாறவே இல்லை. உடம்பு தன் பங்குக்குப் பசியைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அது காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

கல்லீரல் இன்னொன்றும் செய்கிறது. விழுங்கிய கேத்தினோனின் பெரும்பகுதியை அது நார்எஃபிட்ரின் என்ற பொருளாக மாற்றுகிறது. இந்தப் பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் பொருள் பழையதுதான். பினைல்புரோபனோலமைன் என்ற பெயரில் சளி மாத்திரைகளில் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் மெலிவதற்கான மாத்திரையாகவும் விற்றார்கள். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுத்துகிறது என்று 2000-இல் அங்கே விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள்; இந்தியாவில் 2011-இல் தடை வந்தது. கேத்தைனும் ஐரோப்பாவில் பசியடக்கி மருந்தாக விற்கப்பட்டதுதான். ஆக, ஒரு கட்டு இலையில் பசியை அடக்கும் மூன்று பொருட்கள் வேலை செய்கின்றன. இரண்டு இலையிலேயே வருகின்றன. மூன்றாவது இலையில் கொஞ்சமாகவும், கல்லீரல் சமைப்பது நிறையவுமாக இருக்கிறது. டானிக் இவற்றோடு போட்டியிட முடியாது.

இரைப்பையும் சேர்ந்துகொள்கிறது. காத் மெல்லும்போது உணவு இரைப்பையை விட்டு இறங்கத் தாமதமாகிறது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது மாலையிலும் வயிற்றில் கனமாக இருக்கும். இலையில் உள்ள டானின் துவர்ப்பு வாயையும் குடலையும் இறுக்கி மலச்சிக்கலைத் தருகிறது. இவற்றோடு சர்க்கரை கரைத்த தேநீர், குளிர்பானம், வேர்க்கடலை என்று பெர்ச்சாவில் நடுநடுவே போவதும் பசியின் முனையை மழுக்கிவிடும். ஹராரில் அனுபவசாலிகள் மெல்வதற்கு முன்பு வயிறு நிறையக் கொழுப்புச் சேர்ந்த சாப்பாடு சாப்பிட்டுவிடுவார்கள். ஏமனிலும் அப்படித்தான், வெந்தய நுரை மிதக்கும் சல்தாவை மதியம் முடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். எனக்கு இது மிகவும் அறிவுள்ள ஏற்பாடாகத் தோன்றியது. அடுத்த பத்து மணி நேரத்துக்குப் பசி வராது என்று தெரிந்தவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாடுதான். காலைக் கைப்பிடியும் இரவுக் கைப்பிடியும் சேர்ந்தால் மற்ற இரண்டு வேளையும் போய்விடுகிறது. எடை இறங்குவது அங்கேதான்.

தரகருக்கு டயசிபாம் எழுதவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டார், செவிலியரிடம் முறையிட்டார். ஒன்பது மணிக்கு விழிப்பு மருந்தும் பன்னிரண்டு மணிக்கு உறக்க மருந்தும் எடுத்தால், காலையில் அந்த உறக்க மருந்தின் மந்தத்தை உடைக்க இன்னும் பெரிய கைப்பிடி வேண்டியிருக்கும். சாராயமும் சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. பசிக்கு அவர் கேட்ட சைப்ரோஹெப்டடின் மாத்திரையும் அப்படித்தான், அதுவும் மயக்கம் தரும். முழுக்க நிறுத்துங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பிழைப்பே இலையில் இருப்பவர் மறுநாள் முதல் நிறுத்துவார் என்று எதிர்பார்ப்பது வைத்தியம் ஆகாது.

முதலில் இரவு ஒன்பது மணிக் கைப்பிடியை மட்டும் எடுத்தோம். இரண்டு வாரம் கழித்து, மாலை முடிவை ஏழிலிருந்து ஐந்துக்கு இழுத்தோம். காபி மதியத்தோடு சரி. காலையில் இலைக்கு முன்னால் கஞ்சியோ ரொட்டியோ ஏதாவது வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்; பசித்தால் சாப்பிடலாம் என்று காத்திருக்காமல் மணி பார்த்துச் சாப்பிட வேண்டும். இரவு ஒன்பதரைக்கு, இலையின் வேகம் அடங்கியபின், இன்னொரு சிறு சாப்பாடு. ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: சில இரவுகளில் கெட்ட கனவு வந்து மிரட்டும். இந்த வகை மருந்துகள் கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கும். குறைத்ததும் அது சேர்த்து வைத்துத் திரும்பி வரும். ஊரில் இதற்குத் துகாக் என்று பெயர். துகாக் வந்ததும் பயந்து மறுபடி இலைக்கே ஓடுகிறவர்கள் நிறைய. சொல்லி வைத்தால் தாங்கிக்கொள்வார்கள். தரகருக்கும் வந்தது. யாரோ மார்மேல் உட்கார்ந்து அமுக்குவதாக இரண்டு மூன்று இரவு எழுந்திருக்கிறார். டாக்டர் சொன்னதுதான் என்று மனைவி தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்.

இரண்டு மாதத்தில் தூக்கம் பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் இடையில் வரத் தொடங்கியது. எடை 55-க்கு ஏறியது. ரத்த அழுத்தம் 138/88. காலைக் கைப்பிடியை அவர் விடவில்லை. விடாதவரை காலை நாடி ஓடத்தான் செய்யும், வயிறும் முழுதாகச் சீராகாது என்று சொன்னேன். சிலருக்கு இதே ஏற்பாட்டில் தூக்கம் திரும்பாது. ஐந்து மணிக்கே நிறுத்தி, மூன்று வாரம் ஆகியும் தூக்கம் வராமல், காலையில் அழுகையும் சோர்வுமாக இருந்தால் நான் இலையை விட்டுவிட்டு மனச்சோர்வைத் தேடுவேன். அது முன்பே இருந்து, அதை மறக்கவே மெல்லத் தொடங்கியவர்கள் உண்டு.

பிறகு ரமலான் வந்தது. பகலில் நோன்பு. இலை நோன்பு திறந்தபின் இரவுக்கு நகர்ந்து, சஹர் நேரம் வரை போகும். எங்கள் ஐந்து மணிக் கணக்கு ஒரே நாளில் தலைகீழானது. தரகர் அதற்கு முந்தின வாரமே வந்து உட்கார்ந்தார். தராவீஹ் தொழுகை முடிந்ததும் தொடங்கி, ஒரு சிறு கைப்பிடியோடு பதினொரு மணிக்கு முடிப்பது, சஹருக்கு எழுந்து கட்டாயம் சாப்பிடுவது, ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு நான்கு மணி நேரம் இருட்டறையில் படுப்பது என்று புதுச் சீட்டு எழுதினோம். பதினொரு மணியை அவர் ஊர்க் கணக்கில் ஐந்து என்று செவிலியர் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.